சரக்குப் பெயரும் அயிட்டம் கோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளம்பிங், ஹார்டுவேர் கடைகளின் சரக்குப் பட்டியலை ஒழுங்குபடுத்தித் தருவது என் வேலை. போகிற கடையிலெல்லாம் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் பைப், ஃபிட்டிங்ஸ் பக்கமிருந்து வரும். ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்க கடையில மொத்தமே ஆயிரம் அயிட்டம்தான். எல்லாம் எனக்கு மனப்பாடம். பெயருக்கு விதி எதுக்கு?

மனப்பாடம் உங்களுக்குத்தான், பில் போடுகிறவருக்கு இல்லை. நான் பார்த்த ஒரு கடையில் முக்கால் இன்ச் சிபிவிசி எல்போ மூன்று பெயரில் இருந்தது. கணக்கர் சப்ளையர் பில்லைப் பார்த்து `ELBOW CPVC 20MM` என்று கொள்முதலை ஏற்றியிருந்தார். கவுன்ட்டரில் இருந்த பையன் `CPVC ELBOW 3/4` என்று ஒன்றை உண்டாக்கி அதிலிருந்து விற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன `3/4 C.PVC ELBO` என்பதும் பட்டியலில் கிடந்தது.

சரக்கு முதல் பெயரில் வந்து இரண்டாவது பெயரில் போகிறது. கணினியைக் கேட்டால் முதல் பெயரில் 312, இரண்டாவதில் மைனஸ் 224, மூன்றாவதில் 25 என்கிறது. முதலாளி தேடும்போது கண்ணில் பட்டது அந்த 25. சரக்கு தீரப்போகிறது என்று இன்னும் இரண்டு பெட்டி ஆர்டர் போட்டுவிட்டார். ரேக்கில் எண்ணிப் பார்த்தால் 109 எல்போ இருந்தது.

மைனஸ் இருப்பு காட்டும் அயிட்டங்களை மட்டும் இன்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் திருட்டும் இல்லை, எண்ணிக்கைப் பிழையும் இல்லை. வேறு பெயரில் எங்கோ உட்கார்ந்திருக்கும் சரக்குதான்.

சரி, பெயரை எதிலிருந்து ஆரம்பிக்கணும்? பொருளா, சைஸா, கம்பெனியா?

எந்த வரிசை என்பதைவிட, எல்லாப் பெயரும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பைப் கடைக்கு நான் வைக்கும் வரிசை இது: பைப் வகை, பொருள், அதன் உட்பிரிவு, சைஸ், அழுத்த வகுப்பு, பைப் என்றால் மீட்டரில் நீளம், கடைசியில் கம்பெனி.

```
CPVC ELBOW 90 020
CPVC ELBOW 45 020
CPVC ELBOW BRASS 020x015
CPVC PIPE 020 SDR11 3M
AGRI ELBOW 90 050
```

பைப் வகை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. அது தெரியாமல் சைஸ் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அடுத்த பதிலில் சொல்கிறேன். வாடிக்கையாளர் வாயில் முதலில் வருவதும் பெரும்பாலும் சைஸ்தான், ஆனால் பில் போடுகிறவர் திரும்பக் கேட்கும் முதல் கேள்வி "சிபிவிசியா, சாதாரணமா?" என்பதுதானே. பெயரும் அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.

உட்பிரிவை விட்டுவிடாதீர்கள். 90 டிகிரி எல்போவை வெறும் `ELBOW` என்றும், 45-ஐ மட்டும் `ELBOW 45` என்றும் எழுதுவது எல்லாக் கடையிலும் இருக்கும் வழக்கம். அதில், எண் இல்லாத எல்போ 90 என்பது பழகியவருக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக வருகிறவர் 45-ஐ விற்றுவிட்டு எண் இல்லாததில் பில் போடுவார்.

இன்ச்சா, எம்.எம்.மா? கஸ்டமர் எல்லாரும் முக்கால், ஒன்றரைன்னுதான் கேக்கறாங்க.

கேட்பது இன்ச்சில் இருக்கட்டும், பெயரில் மில்லிமீட்டரை எழுதுங்கள். எந்தப் பைப்புக்கு எந்த மில்லிமீட்டர் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி கவுன்ட்டரில் ஒட்டிவிடுங்கள். ஏனென்றால் பிளம்பிங்கில் 'இருபது எம்.எம்.' என்பது ஒரு பொருள் இல்லை.

ஒரு காலிப்பரை எடுத்து அளந்து பாருங்கள். விவசாயத்துக்குப் போகும் பிவிசி பைப்பில் 20 என்றால் உண்மையிலேயே வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர்; கடைப் பேச்சில் அது அரை இன்ச். சிபிவிசியில் 20 என்பது பெயரளவுக்குத்தான், வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர் இருக்கும், பேச்சில் முக்கால். யுபிவிசி ஷெட்யூல் 80 பைப்பில் அதே முக்கால் 26.7 மில்லிமீட்டர். மூன்றின் மேலும் 20 என்று எழுத வழி இருக்கிறது, ஆனால் ஒன்றின் ஃபிட்டிங் இன்னொன்றில் ஏறாது.

பெரிய சைஸில் இன்னும் மோசம். சிபிவிசியில் ஒன்றரை இன்ச்சுக்கு 40 என்று பெயர், விவசாய பிவிசியில் ஒன்றரைக்கு 50. சிபிவிசிக்காரரிடம் 50 கேட்டால் இரண்டு இன்ச் தருவார். 'ஒன்றரை' என்று மட்டும் பெயர் வைத்த பட்டியலில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆளை ஏமாற்றும். என் விதி இதுதான்: பைப்பின் மேல் கம்பெனி என்ன எண்ணை அச்சடித்திருக்கிறதோ அதை எழுதுங்கள், முன்னால் பைப் வகை கட்டாயம் இருக்கட்டும்.

எண்ணை மூன்று இலக்கமாக எழுதுங்கள்: `020`, `050`, `110`. கணினி பெயரை எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்தும்போது `110` முதலில் வந்து `20` பின்னால் போய்விடும். முன்னால் சுழியம் வைத்தால் சிறியதிலிருந்து பெரியது வரை ஒழுங்காக நிற்கும்.

அப்போ கவுன்ட்டர்ல முக்கால்னு தேடினா ஒண்ணும் வராதே?

வரவைக்கலாம். டாலியில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பெயருக்குக் கீழே மாற்றுப்பெயர் கொடுக்க இடம் உண்டு. ஒன்றுக்கு மேலும் கொடுக்கலாம். மற்ற பில்லிங் மென்பொருள்களிலும் அதுபோல ஓர் இடம் இருக்கும். `CPVC ELBOW 90 020` என்பதற்கு `CP ELBOW 3/4` என்று மாற்றுப்பெயர் கொடுங்கள். சப்ளையர் பில்லில் வேறு பெயர் வந்தால் அதையும் இங்கேயே போட்டுவிடுங்கள். முதல் பதிலில் சொன்ன கணக்கர் தவறாக ஒன்றும் செய்யவில்லை. பில்லில் இருந்த பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை, புதிதாக உண்டாக்கினார். மாற்றுப்பெயர் இருந்திருந்தால் தேடல் அவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

மாற்றுப்பெயரிலும் பைப் வகை இருக்க வேண்டும். வெறும் `ELBOW 3/4` என்று ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த பைப்பின் முக்கால் எல்போவுக்கு அதே பெயரை டாலி ஏற்காது. அப்போது யாராவது ஓர் எழுத்தைக் கூட்டிக் கொடுத்துவிடுவார்கள், குழப்பம் அங்கேயிருந்து மறுபடி தொடங்கும்.

ரெட்யூசர், பிராஸ் எல்போ மாதிரி ரெண்டு சைஸ் இருக்கறதுக்கு எப்படி?

பெரிய சைஸ் முதலில், சிறியது அடுத்து, நடுவில் சின்ன `x`. டீ என்றால் நேர்வழி முதலில், கிளை கடைசியில்: `CPVC TEE RED 025x020`. எல்லாப் பக்கமும் ஒரே சைஸ் உள்ள சாதா டீக்கு ஒரே எண் போதும். பிராஸ் எல்போவில் ஒரு பக்கம் பைப் ஒட்டும், இன்னொரு பக்கம் மரை. ஒட்டும் பக்கத்தை முதலிலும் மரைப் பக்கத்தைக் கடைசியிலும் எழுதுங்கள். வீட்டு பாத்ரூமில் குழாய் மாட்ட அதிகம் போவது முக்காலுக்கு அரை, அதாவது `020x015`. இதை ஒருவர் திருப்பி `015x020` என்று எழுதினால் வேறொரு பொருள் இருக்கிறது என்றே கணினி நம்பும்.

`x`-க்குப் பதில் நட்சத்திரக் குறி போடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். எக்செல் தேடலில் நட்சத்திரம் என்றால் 'நடுவில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று பொருள். `BOLT HEX M8*40` என்று தேடினால் `BOLT HEX M8x140`-உம் சேர்ந்து வரும். இரட்டைப் பதிவைத் தேடும்போது இது உங்களை நன்றாக அலைக்கழிக்கும்.

சுருக்கி எழுதலாமா? ஒருத்தர் RED-ங்கறார், ஒருத்தர் RDCR-ங்கறார்.

சுருக்கலாம், ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தச் சுருக்கம் என்ற பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பைப் கடைக்கு நாற்பது சொற்களுக்கு மேல் தேவைப்படாது. அந்தத் தாளில் இல்லாத சுருக்கத்தைப் பெயரில் எழுதக் கூடாது. வேண்டுமென்றால் முதலில் தாளில் சேர்த்துவிட்டு அப்புறம் எழுதலாம்.

சுருக்கத்தைவிட முழுச் சொல்லையே நான் விரும்புகிறேன். `ELBOW` ஐந்தெழுத்து, `ELB` மூன்றெழுத்து. மிச்சமாகும் இரண்டு எழுத்துக்காக ஒரு குழப்பத்தை உள்ளே விட வேண்டாம். பில்லில் இடம் போதாத நீளமான சொற்களை மட்டும் சுருக்குங்கள். புள்ளி, காற்புள்ளி, இன்ச் குறி எதுவும் பெயரில் வேண்டாம். `C.P.V.C`-யும் `CPVC`-யும் நமக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

கோடுக்கு வருவோம். கோடைப் பாத்தாலே பொருள் தெரியணுமா, இல்ல வெறும் நம்பர் போதுமா?

பொருளைச் சொல்வது பெயரின் வேலை. பொருளை மாறாமல் அடையாளம் காட்டுவது மட்டும்தான் கோடின் வேலை. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நான் பார்த்த பெரும்பாலான கோட் முறைகள் இரண்டு, மூன்று வருஷத்தில் உடைந்தன.

ஒரு கடையில் கோட் இப்படி இருந்தது: `R3-SK-CP-ELB-20`. மூன்றாவது ரேக், சப்ளையரின் முதலெழுத்து, சிபிவிசி, எல்போ, 20. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் ரேக்கை மாற்றினார்கள், அடுத்த வருஷம் சப்ளையரை மாற்றினார்கள். கோடை மாற்றினால் பழைய கணக்கோடு தொடர்பு போய்விடும், மாற்றாவிட்டால் கோட் பொய் சொல்லும். கடைசியில் பாதி சரக்குக்கு மாற்றினார்கள், பாதிக்கு மாற்றவில்லை. அப்புறம் கோடை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேக், சப்ளையர், விலை, வரி எல்லாம் மாறக்கூடியவை. மாறக்கூடியது எதையும் கோடுக்குள் வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி இருக்கட்டும்.

பல நாட்டு ராணுவங்கள் பயன்படுத்தும் நேட்டோ சரக்கு எண்ணில் 13 இலக்கம் உண்டு. முதல் நான்கு பொருளின் வகுப்பு, அடுத்த இரண்டு நாடு, மீதி ஏழும் எந்த அர்த்தமும் இல்லாத எண். வகுப்பை மாற்றினாலும் பின்னால் இருக்கும் ஒன்பது இலக்கம் மாறாது. பொருளை அடையாளம் காண்பது அந்த ஒன்பதை வைத்துத்தான். கடைக்கும் அதே யோசனை போதும். இரண்டெழுத்து, அதன் பின் நான்கு இலக்க வரிசை எண்: `CP0147`, `AG0032`. எழுத்து எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும். எண், அயிட்டம் உண்டான வரிசையில் ஒன்று, இரண்டு என்று போகும். எல்போவுக்கு 100 முதல் 199 வரை என்று எண்களை ஒதுக்கி வைக்காதீர்கள். நூற்றொன்றாவது எல்போ வரும் நாளில் அந்த விதி உடைந்துவிடும்.

எக்செல்ல போட்டா கோடே மாறிடுதே. 0147 போட்டா 147 ஆகுது, 3/4 போட்டா தேதி ஆகுது.

எண் மாதிரி தெரிவதை எண்ணாகவும், தேதி மாதிரி தெரிவதைத் தேதியாகவும் எக்செல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கோடுக்கு முன்னால் எழுத்து வேண்டும் என்கிறேன். `CP0147`-ஐ அது தொடாது. ஆனால் எல்லா எழுத்தும் பாதுகாப்பில்லை. மார்பிளுக்கு `MAR` என்று சுருக்கம் வைத்து `MAR12` என்று அடித்தால் அது மார்ச் 12 ஆகிவிடும். `12E5` என்று அடித்தால் 12-க்குப் பக்கத்தில் ஐந்து சுழியம் போட்ட எண்ணாகப் புரிந்துகொள்ளும்.

இதில் மாட்டிக்கொண்டது கடைக்காரர்கள் மட்டும் இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு `MARCH1`, `SEPT1` போன்ற பெயர்களை `MARCHF1`, `SEPTIN1` என்று மாற்றிவிட்டது. 2020-இல் வெளியிட்ட தன் விதிமுறைகளில் இதற்கான காரணத்தையும் சொன்னது: எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடுகிறது.

கோட் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று வடிவம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகே அடிக்கத் தொடங்குங்கள். முதலில் அடித்துவிட்டு அப்புறம் வடிவம் மாற்றினால் போன சுழியம் திரும்பி வராது. சிஎஸ்வி கோப்பை நேராக இரட்டைக் கிளிக்கில் திறப்பதும் அதே விபத்துதான். இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது `I`, `O` இரண்டையும் தள்ளிவிடுங்கள். அட்டையில் கையால் எழுதி ஒட்டும்போது அவை ஒன்றாகவும் சுழியமாகவும் படிக்கப்படும். ஜிஐ பைப்புக்கு `GI` என்று வைக்கத் தோன்றும். நான் `GV` என்று வைப்பேன்.

பெட்டி மேலயே பார்கோடு இருக்கு, பில்லுல எச்.எஸ்.என். இருக்கு. அதையே கோடா வெச்சுக்கலாமே?

பார்கோடை ஒரு தனிப் பத்தியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் செய்ய உதவும். ஆனால் அது கோட் ஆகாது. இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்படும் 890-இல் தொடங்கும் அந்த 13 இலக்க எண் கம்பெனியின் பொருளுக்கானது. ஒரே எல்போவை இரண்டு கம்பெனியில் வாங்கினால் இரண்டு எண். தனி ஃபிட்டிங்குக்கு ஓர் எண், அது வரும் பெட்டிக்கு இன்னோர் எண் என்றும் இருக்கலாம். உதிரியாக வரும் ஜிஐ சாக்கெட்டிலும் போல்ட்டிலும் பார்கோடே இருக்காது.

எச்.எஸ்.என். வரிக்கான வகைப்பாடு. பிளாஸ்டிக் பைப்பும் அதன் ஃபிட்டிங்குகளும் எல்லாமே 3917. இரும்பு போல்ட், நட், ஸ்க்ரூ எல்லாம் 7318. அதில் தேடினால் கடையின் பாதி சரக்கு வந்து நிற்கும்.

ரெண்டு கம்பெனி எல்போ வெச்சிருக்கேன். ஒரே அயிட்டமா, ரெண்டா?

வாடிக்கையாளர் கம்பெனி பேரைச் சொல்லிக் கேட்கிறாரா, விலை வேறா, திருப்பி அனுப்பும்போது சப்ளையர் பிரித்துப் பார்க்கிறாரா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இரண்டு அயிட்டம், இரண்டு கோட். பெயரில் கடைசியாக மூன்றெழுத்தில் கம்பெனி வரும். கடைசியில் வைத்தால்தான் `CPVC ELBOW 90 020` வரை அடித்தவுடன் இரண்டும் அடுத்தடுத்துத் தெரியும். ஒன்று இல்லாவிட்டால் மற்றதைக் காட்டலாம். கம்பெனி முதலில் வந்தால் அவை பட்டியலின் இரண்டு மூலையில் இருக்கும்.

எம்-சீல், டெஃப்லான் டேப் போன்றவற்றிலும் இப்படியே. ஆனால் எடை போட்டு விற்கும் ஆணி, பைண்டிங் கம்பி இவற்றில் கம்பெனி பிரிக்க வேண்டாம். ஒரே டப்பாவில் கொட்டி விற்கிறீர்கள் என்றால் கணினியிலும் அது ஒரே டப்பாதான்.

பைப்பில் இன்னொரு பிரிவு உண்டு. சிபிவிசி பைப் எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று வரும். வெளிவிட்டம் ஒன்றேதான், சுவரின் தடிமன் வேறு, விலையும் வேறு. அதனால் பைப்பின் பெயரில் எஸ்டிஆர் கட்டாயம் வேண்டும். ஃபிட்டிங்கின் பெயரில் எழுத வேண்டாம், அதே எல்போ இரண்டு பைப்பிலும் ஏறும். தேவையில்லாத விவரத்தைப் பெயரில் சேர்த்தால் அதுவும் இரட்டைப் பதிவுக்குத்தான் வழி விடும்.

ஏற்கெனவே குழம்பிப்போன பட்டியல் இருக்கு. இரட்டையை எப்படிக் கண்டுபிடிக்கறது?

அயிட்டம் பட்டியலை எக்செல்லுக்கு எடுங்கள். முதல் வேலை, கண்ணுக்குத் தெரியாத அழுக்கை நீக்குவது: இரண்டு இடைவெளி, கடைசியில் ஒட்டிய இடைவெளி, வேறெங்கிருந்தோ ஒட்டும்போது கூட வரும் உடையா இடைவெளி. பெயர் A பத்தியில் இருந்தால், B-யில் இது:

```
=UPPER(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))
```

இதன் பிறகும் `CPVC ELBOW 3/4` என்பதும் `ELBOW CPVC 20MM` என்பதும் ஒன்றென்று எந்த ஃபார்முலாவும் சொல்லாது. இங்கே கைவேலைதான். ஃபில்டரில் `ELB` என்று போட்டு வருவதை எல்லாம் எடுங்கள். C-யில் பைப் வகை, D-யில் உட்பிரிவோடு சேர்த்துப் பொருள், E-யில் சைஸ், பைப் என்றால் அதோடு அழுத்த வகுப்பு என்று தனித்தனியாக நிரப்புங்கள். கம்பெனி பிரித்து வைத்திருந்தால் அதற்கும் ஒரு பத்தி வைத்து அடுத்து வருவதில் ஒட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் `BOW` என்று தேடுங்கள், `EL BOW`, `L-BOW` எல்லாம் அதில் மாட்டும். எல்லாம் நிரம்பியதும் F-இல் மூன்றையும் ஒட்டி, G-யில் எண்ணுங்கள்:

```
=C2&"|"&D2&"|"&E2
=COUNTIF(F:F,F2)
```

G-யில் 1-க்கு மேல் வந்ததெல்லாம் இரட்டை. முதல் கேள்வியில் சொன்ன கடையில் 1,180 வரி இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று நாளில் முடித்தோம். நடுவில் `|` குறி வைத்து ஒட்டுவது முக்கியம். அது இல்லாமல் ஒட்டினால் ஒரு பத்தியின் கடைசியும் அடுத்ததன் தொடக்கமும் கலந்து, வேறு வேறு பொருள்கள் சில சமயம் ஒன்றாகத் தெரியும்.

சந்தேகம் வருகிற இடத்தில் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். `ELBOW 20` என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பைப் என்று ரேக்குக்குப் போய் பொருளைக் கையில் எடுத்தால்தான் தெரியும்.

இரட்டையைச் சேர்த்தா பழைய பில்லெல்லாம் என்ன ஆகும்?

பழைய பில்லைத் தொட வேண்டாம். மூன்றில் அதிகப் பரிவர்த்தனை நடந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் மிஞ்சப்போகிறது. டாலியில் அதன் பெயரைப் புது விதிப்படி திருத்தினால் பழைய பில்களிலும் புதுப் பெயரே காட்டும், கணக்கு மாறாது. மற்ற இரண்டின் இருப்பை ஸ்டாக் ஜர்னல் போட்டு இதற்குள் கொண்டுவாருங்கள்.

நம் எல்போவை எடுத்துக்கொள்வோம். 312, மைனஸ் 224, 25 மூன்றையும் கூட்டினால் 113. ரேக்கில் எண்ணியது 109. முதலில் மூன்றையும் ஒன்றில் சேர்த்து 113 ஆக்க வேண்டும். அதன் பிறகு நான்கு குறைவு என்று தனியாக ஒரு பதிவு. இரண்டையும் ஒரே பதிவில் முடித்தால், காணாமல்போன நான்கு எங்கே போனது என்று பின்னால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று பெயரிலும் விலை வேறாக இருந்தால் ஜர்னலில் எண்ணிக்கையோடு மதிப்பையும் பாருங்கள், மொத்தச் சரக்கு மதிப்பு நகரக் கூடாது. இதைக் கடை மூடிய பிறகு, அன்றைய பில் எல்லாம் ஏறிய பிறகு செய்யுங்கள். நிதியாண்டு முடிவை ஒட்டிச் செய்ய முடிந்தால் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலியான இரண்டையும் டாலி அழிக்க விடாது, பரிவர்த்தனை இருப்பதால். அவற்றின் பெயருக்கு முன்னால் `ZZ` சேருங்கள், பட்டியலின் அடிக்குப் போய்விடும். கம்பெனி தயாரிப்பை நிறுத்திய பொருளுக்கும் இதுவே. அந்தக் கோடை வேறு பொருளுக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய பில்லோடு ஒருவர் பொருளைத் திருப்ப வந்தால், அந்தக் கோட் இன்று வேறொரு வால்வைக் காட்டக் கூடாது.

பெயரைத் தமிழ்லயே வெக்கலாமா? கடையில எல்லாருக்கும் தமிழ்தான் சுலபம்.

வைக்கலாம், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைச் சரி செய்த பிறகு. முதலாவது, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் அடித்த தமிழ், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். யுனிகோடில் அடித்தவரின் தேடலில் அது ஒருபோதும் கிடைக்காது.

இரண்டாவது, யுனிகோடுக்குள்ளேயே ஒரே எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடியும். 'கொக்கி' என்பதில் வரும் 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, பல மென்பொருள்களின் தேடல் இரண்டையும் வேறாக நினைக்கும். எல்லாக் கணினியிலும் ஒரே விசைப்பலகை முறையை வைத்தால் இது பெரும்பாலும் தீரும். நான் இப்போது செய்வது, பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, மாற்றுப்பெயராகத் தமிழைக் கொடுப்பது. அதில் எழுத்து பிசகினாலும் ஒரு தேடல் தவறும், அவ்வளவுதான். இரட்டைப் பதிவாக மாறாது.

விதி எல்லாம் எழுதிட்டோம். ஆனா அவசரத்துல பையன் புதுசா ஒண்ணு உண்டாக்கிடறானே?

உண்டாக்கும் உரிமையை அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள். புது அயிட்டம் போட ஒருவருக்கு மட்டும், அவர் இல்லாத நாளில் இன்னொருவருக்கு மட்டும் அனுமதி. ஆனால் கவுன்ட்டரில் ஆள் நின்றுகொண்டிருக்கும்போது அவன் என்ன செய்வான்? அதற்கும் ஒரு வழி கொடுத்தாக வேண்டும். `TEMP 01` முதல் `TEMP 10` வரை பத்து அயிட்டம் உண்டாக்கி வையுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் அதில் ஒன்றில் பில் போட்டு, பொருள் என்ன என்று விவரத்தில் எழுதட்டும். அன்று இரவே பொறுப்பாளர் அந்தப் பில்லைத் திறந்து சரியான அயிட்டத்துக்கு மாற்ற வேண்டும். வரி விகிதம் மாறக்கூடிய பொருளாக இருந்தால் மட்டும் டெம்பில் போடாமல் பொறுப்பாளருக்கு ஃபோன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

பத்து இடம் மட்டும் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்தும் நிரம்பினால் இரண்டு நாளாக யாரும் சுத்தம் செய்யவில்லை என்று தெரிந்துவிடும். `MISC` என்று எல்லையில்லாத ஒன்றை வைத்த கடைகளில், வருஷக் கடைசியில் அதிகம் விற்ற அயிட்டமே அதுவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டெம்பில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு மாற்றுப்பெயர் குறைகிறது என்று அர்த்தம். பையன் எந்தச் சொல்லை அடித்துத் தேடினான் என்று கேட்டு, அந்தச் சொல்லையே மாற்றுப்பெயராகச் சேர்த்துவிடுங்கள்.